பனையோலைப் பொருளும் வார இறுதிச் சந்தையும்: திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வேலைத்திட்டம்

வெள்ளிக்கிழமை இரவு வரை இழைத்து, விடியற்காலையில் பொலித்தீன் உறையில் போட்டு, சனிக்கிழமைச் சந்தையில் விற்ற ஓலைப் பை விற்கும்போது அழகாகத்தான் இருக்கும். வாங்கியவர் அதை அலுமாரியில் வைத்து ஒரு வாரம் கழித்து எடுக்கும்போதுதான், விளிம்பு மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகளும் ஒரு புளித்த வாசமும் தெரியவரும். அவர் திரும்பி வந்து முறையிடுவதில்லை. அடுத்த முறை நம் விற்பனைக்கூடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார், அவ்வளவுதான்.

பனையோலை ஈரமாக இருந்தால்தான் இழைக்க வளையும். நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பொதி செய்யலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் முழுதாக ஒரு பகல் வேண்டும். அதனால் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர் புதன்கிழமை இரவோடு இழைப்பை நிறுத்திவிட வேண்டும். கீழே வரும் திட்டம் முழுவதும் இந்த ஒரு விதியில் நிற்கிறது.

பேசுவதற்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சாவகச்சேரிப் பக்கம், இழைக்கத் தெரிந்தவர்கள் இருவர்: மருமகளும் மாமியாரும். யாழ்ப்பாண நகரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு விற்பனைக்கூடம். ஏ9 வீதியில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் பயணம். சொந்த வாகனம் இல்லை, தெரிந்த ஒருவருடைய ஓட்டோ உண்டு.

முதலில் ஓலை நேரத்தை எண்ணுங்கள்

ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று கேட்டால் பலர் எட்டு, ஒன்பது என்பார்கள். ஓலை அத்தனை நேரம் இணங்காது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு வார்ந்த ஓலை கையிலேயே விறைத்துவிடும். மடிக்கும் இடத்தில் வெடிக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்து இழைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் பின்னர் உலர வேண்டிய தண்ணீர். எனவே பனிப்பதம் இருக்கும் காலை 5.30 முதல் 8.00 வரையும், வெயில் தணிந்த பின் மாலை 5.00 முதல் 7.30 வரையும் தான் இழைக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம், இருவருக்குப் பத்து. திங்கள், செவ்வாய், புதன் சேர்த்து முப்பது. இந்த வீட்டின் ஒரு வாரத்து மூலதனம் இதுதான்.

முப்பது மணித்தியாலத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு உங்கள் கையின் வேகம் தெரிய வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை இழைக்கும்போது தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதி வையுங்கள். நம் வீட்டில் நடுத்தரக் கைப்பை ஒன்றுக்கு நான்கு மணித்தியாலம், மூடியுள்ள சிறு பெட்டிக்கு ஒரு மணித்தியாலம், கிலுகிலுப்பைக்கு இருபது நிமிடம் என்று வைப்போம். அப்படியானால் நான்கு பைக்குப் பதினாறு, எட்டுப் பெட்டிக்கு எட்டு, பன்னிரண்டு கிலுகிலுப்பைக்கு நான்கு. மொத்தம் இருபத்தெட்டு மணித்தியாலம். மீதி இரண்டு மணித்தியாலத்தை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். ஒரு பையின் அடி கோணிப்போனால் பிரித்துத் திரும்ப இழைக்கவும், வீட்டுக்கு யாராவது வந்தால் சமாளிக்கவும் அதுதான் இடம்.

சந்தையில் கிடைக்கும் விசேட ஓடரும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். "அடுத்த சனிக்கிழமை தருவீர்களா?" என்று கேட்பவருக்கு, அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கும் வேலையென்றால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். மற்றதற்கு அதற்கடுத்த வாரத்தைச் சொல்லி, முற்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள் முதல் புதன் வரை

திங்கள் காலையில் கீற்றாக வாரத் தொடங்கும் ஓலை ஏற்கெனவே காய்ந்து, வெளுத்து, வீட்டில் இருக்க வேண்டும். குருத்தோலையை வெட்டிய பின் விரித்து வெயிலிலும் இரவுப் பனியிலும் சில நாள் போட்டால்தான் அதன் பச்சை போய் வெண்மை வரும். அந்த வாரத்து ஓலையை அந்த வாரத்திலேயே தேடி ஓடுகிறவருக்குச் செவ்வாய்க்கிழமையே கை ஓய்ந்துவிடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை எப்போதும் முன்கூட்டியே வைத்திருங்கள். வடலிக்காரரிடம் சொல்லி வெட்டுவிக்கும்போது ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குருத்தை அடிக்கடி இழக்கும் மரம் நலிந்துபோகும். அடுத்த ஆண்டும் நமக்கு அந்த மரம் வேண்டும்.

சாயமும் அப்படித்தான். இந்த வாரம் சாயமிடும் ஓலை அடுத்த வாரத்துக்குரியது. பகலில் இழைக்க முடியாத நேரத்தில், திங்கள் பதினொரு மணியளவில், சாயத்தைக் காய்ச்சுங்கள். ஓலையை அதில் அவித்த பின், கழுவும் தண்ணீர் தெளிவாகும் வரை அலசி நிழலில் காயவிட வேண்டும். காய்ந்த பின் ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, ஓலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மறுபடி அலசுங்கள். யாழ்ப்பாண வெயிலில் வியர்வையோடு ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடு விழுவதை இந்தச் சோதனை தடுக்கும்.

இழைக்கும் வரிசையைத் தற்செயலுக்கு விடக்கூடாது. தடிப்பான பொருளை முதலில் இழைக்க வேண்டும். கைப்பையின் விளிம்பில் ஓலை மூன்று நான்கு அடுக்காக மடிந்து உட்கார்ந்திருக்கும். ஈரம் அங்கேதான் நெடுநேரம் தங்கும். திங்கள் ஒரு நாளில் இரண்டு பை முடியும். செவ்வாய்க்கிழமை மற்ற இரண்டும் முடிந்து இரண்டு பெட்டிக்கு நேரம் மிஞ்சும். புதன் காலையில் மீதிப் பெட்டிகளைத் தொடங்கி, மாலையில் கிலுகிலுப்பையோடு முடியுங்கள். கிலுகிலுப்பை மெல்லியது, வியாழன் ஒரு பகலில் காய்ந்துவிடும். பையையும் அதையும் இடம் மாற்றினால் திட்டம் உடையும்.

இழைக்கும்போது ஓலையைத் தண்ணீரில் ஊறப்போடாமல், பிழிந்த ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்தால் போதும். வளையும் அளவுக்குப் பதம், அதற்கு மேல் ஈரமில்லை.

வியாழன்: உலர்த்தும் நாள்

வாரத்தின் மிக முக்கியமான நாள் இது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காத நாளாகத் தோன்றும். "சும்மாதானே இருக்கிறீர்கள், இன்னும் ஒரு பையைப் போடலாமே" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். போடக்கூடாது. இன்று இழைக்கும் பை இந்தச் சந்தைக்குக் காயாது. பொதி செய்த பெட்டிக்குள் அதன் ஈரம் பக்கத்தில் உள்ள பொருளுக்கும் பரவும்.

காலை எட்டு மணிக்குப் பனி விலகிய பின் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சீமெந்துத் தரையில் பரப்பினால் அடிப்பக்கம் காற்றுப்படாமல் இருக்கும். கயிற்றுக் கட்டில், கம்பிவலை, கொடி என்று கீழிருந்தும் காற்று போகும் எதிலாவது வையுங்கள். நிறம் போடாத ஓலைக்கு வெயில் நல்லது. சாயமிட்டதை மர நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். நேரடி வெயிலில் சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் மங்கும். பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை கவிழ்த்துப் போடுங்கள். மூடியுள்ள பெட்டிகளின் மூடியைக் கழற்றித் தனியே வையுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது கடினம். வெயிலில் கிடந்த ஓலை மேலே சூடாகவும் மொரமொரப்பாகவும் இருக்கும். விளிம்புக்குள் ஈரம் இருப்பது தெரியாது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். மிகத் தடித்த பை ஒன்றை எடுத்து மூன்று முறை நிறுங்கள். காலை பத்து மணிக்கு 186 கிராம், ஒரு மணிக்கு 171 கிராம், மாலை மூன்றரைக்கு 170 கிராம் என்று வந்தால் அது உலர்ந்துவிட்டது. வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறிவிட்டது. மூன்றரைக்கு 164 என்று வந்தால் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பையை வெள்ளிக்கிழமையும் உலர்த்த வேண்டும். எடை நிற்கும் வரை பொதி செய்வதில்லை என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால் பூஞ்சணம் பற்றிய பயம் பெரும்பாலும் போய்விடும்.

பொதி செய்யும் நேரத்தையும் கவனியுங்கள். இரவில் காற்றின் ஈரத்தை ஓலை திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே வியாழன் மாலை நான்கு மணியளவில், பொருள் உலர்ந்திருக்கும்போதே பெட்டிக்குள் போக வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். வெயில் சூட்டோடு மூடினால் பெட்டி குளிரும்போது உள்ளே வியர்க்கும்.

உறைக்குப் பொலித்தீனைத் தவிருங்கள். பளபளப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சிய சிறு ஈரமும் அதற்குள் அடைபட்டுவிடும், வாங்க வருகிறவரால் இழைப்பைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஓலைப் பொருளைக் கண் பார்த்து வாங்குவதை விடக் கை தொட்டுப் பார்த்து வாங்குவதே அதிகம். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி, காட்போட் பெட்டியில் அடுக்குங்கள். சிறு பெட்டிகளைப் பெரியதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என்று செருகி, கடைசியாக உள்ளிருக்கும் பெட்டிக்குள் கசக்கிய பத்திரிகைத் தாளை நிரப்பினால் மேலே பாரம் வந்தாலும் வடிவம் குலையாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஒவ்வொரு பெட்டியிலும் போடுவது பூச்சிக்காக நம் வீடுகளில் உள்ள பழக்கம். இலை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

வெள்ளி: தையலும் ஏற்றலும்

கைப்பைகளுக்கு உள்துணி தைப்பதை வெள்ளிக்கிழமைக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. துணி வைத்துவிட்டால் உட்பக்கத்துக்குக் காற்றுப்படாது. எடை நின்ற பிறகுதான் துணி. ஒரு பைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் நான்கு பைக்கும் நண்பகலுக்கு முன் முடிந்துவிடும். கைபிடியைப் புதன் பகலிலேயே பொருத்தியிருக்கலாம். அது காய்வதைத் தடுக்காது. கோவிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைக்கு இதைவிடப் பாரமான வேலை வேண்டாம்.

பிற்பகலில் விலைச்சீட்டுக் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஓலையில் நிற்காது, உரிக்கும்போது நாரையும் உரித்துவிடும். துளையிட்ட சிறு அட்டையை நூலால் கட்டுவது நல்லது. ஒவ்வொரு காட்போட் பெட்டிக்கும் இலக்கமிட்டு, உள்ளே என்ன எத்தனை என்று வெளியே எழுதி ஒட்டுங்கள். கொப்பியில் அதே பட்டியல் இருக்கட்டும்.

பிறகு ஒரு பெட்டியைத் தனியாக ஒதுக்குங்கள்: மேசை விரிப்பு, கயிறு, கத்தரிக்கோல், உடுப்புக் கிளிப், பற்றுச்சீட்டுப் புத்தகம், சில்லறைக் காசு, தண்ணீர்ப் போத்தல். இது வாகனத்தில் கடைசியாக ஏறும், இறங்கும்போது முதலில் இறங்கும்.

ஓலைப் பொருளை ஏற்றுவதில் சிக்கல் பாரத்தில் இல்லை, பருமனில்தான். முழு வாரத்து உழைப்பும் ஒரு சிறுவன் தூக்கும் எடையாக இருக்கும், ஆனால் ஓட்டோவை நிறைத்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் வெள்ளி மாலையே ஓட்டோவை வரவழைத்து அடுக்கிப் பார்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் மேசையை அங்கேயே வாடகைக்கு எடுக்க முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்க அன்று மாலை நேரம் இருக்கும். சனி காலை ஆறு மணிக்குக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். விடியற்காலைப் பனியில் போவதால் இரு பக்கமும் திறந்த ஓட்டோவில் பெட்டிகளைத் தறப்பாளால் மூடுவதும் அவசியம். அந்தத் தறப்பாளே கூடத்தில் மேற்கு வெயிலை மறைக்கவும் உதவும்.

தூரச் சந்தைக்குப் போவதா வேண்டாமா என்பதை வாகனக் காசை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கிளிநொச்சியில் சனி காலை கூடம் திறக்க வேண்டும் என்றால், சாவகச்சேரியில் இருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவில் போக வேண்டும். வெள்ளி பிற்பகலிலேயே பொருளை இறக்குவது நல்லது. அப்படியானால் தையல் வியாழனுக்கு வரும், உலர்த்துவது புதனுக்கு வரும், இழைப்பு செவ்வாய் இரவோடு நிற்கும். அதாவது பத்து மணித்தியால ஓலை நேரம் போய்விடுகிறது. நம் வீட்டுக் கணக்கில் அது இரண்டு பையும் இரண்டு பெட்டியும். வாகனக் காசு, கூட வாடகை, அந்த நான்கு பொருளின் விலை ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். அங்கே நகரத்தை விட எவ்வளவு கூடுதலாக விற்கும் என்று நினைக்கிறீர்களோ அது இந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டினால் மட்டும் போங்கள். தாண்டாவிட்டாலும் சில தடவை போக வேண்டியிருக்கும், புது வாடிக்கையாளருக்காக. ஆனால் தெரிந்து போவது வேறு.

சனியும் ஞாயிறும்

முற்றவெளி போன்ற திறந்த வெளியில் கூடம் கிடைத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். களப்புப் பக்கமிருந்து வரும் சோளகம் ஒரு கிலுகிலுப்பைக் குவியலை ஒரு நொடியில் வாரிக்கொண்டு போகும். சிறியவற்றைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பெட்டிகளுக்குள் ஒரு கூழாங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தால் அசையாது. சாயமிட்டவை கூடத்தின் உட்பக்கத்தில், நிறமில்லாதவை வெளிவரிசையில் இருக்கட்டும்.

ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் வாங்கும் முறை வேறு. சூட்கேசில் தட்டையாகப் போகுமா என்பதே அவர்கள் முதலில் பார்ப்பது. விசிறி, மடிக்கக்கூடிய பை, புத்தக அடையாளம் போன்றவை அப்போது முன்னால் வர வேண்டும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களிடம், தாவரப் பொருள் என்று விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். பூச்சியோ மண்ணோ விதையோ தென்படாத சுத்தமான, காய்ந்த பொருளாக இருப்பது அங்கே உதவும். கிலுகிலுப்பைக்குள் குன்றிமணியோ வேறு விதையோ போட்டிருந்தால் அதை அவர்களுக்கு விற்க வேண்டாம். குன்றிமணி நஞ்சுள்ள விதை. குழந்தை கையில் போகும் பொருளில் அது எங்குமே இருக்கக்கூடாது. சிறு கூழாங்கல் போதும், வெளியே வராதபடி இறுக்கி முடிந்திருக்க வேண்டும்.

விற்பனையை எழுதும்போது எண்ணிக்கையோடு நேரத்தையும் எழுதுங்கள். சனி மதியத்துக்குள் எட்டுப் பெட்டியும் தீர்ந்துபோய், ஞாயிறு மாலை மூன்று பை மீந்திருந்தால், அடுத்த வாரம் இரண்டு பையைக் குறைத்து அந்த எட்டு மணித்தியாலத்தில் எட்டுப் பெட்டி கூடுதலாக இழைக்கலாம். மொத்தக் காசை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் மீந்ததைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிடாதீர்கள். மூடிகளைத் திறந்து வையுங்கள். பல கைகள் தொட்ட பொருள், இரண்டு நாள் வெளியில் இருந்த பொருள். திங்கள் பத்து மணிக்கு ஒரு வெயில் காட்டிய பிறகே மறுபடி தாளில் சுற்ற வேண்டும்.

மாரி வந்தால்

ஐப்பசி முதல் மார்கழி வரை மேற்சொன்ன நாட்கள் பொருந்தாது. மழை நாளில் வியாழன் ஒரு பகல் போதாது. தராசில் எடை இரண்டு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் செவ்வாய் இரவோடு இழைப்பை நிறுத்தி, வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள். குறையும் பத்து மணித்தியாலத்துக்கு ஓரளவு ஈடாக, வைகாசி முதல் ஆவணி வரை வாரத்துக்கு இரண்டு பெட்டி கூடுதலாக இழைத்து, நன்றாக உலர்த்தி, தாளில் சுற்றிச் சேமித்து வாருங்கள். அந்த இரண்டு மணித்தியால மிச்சம் இதற்கும் உதவும். சேமித்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயில் உள்ள நாளில் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றில் புள்ளி தெரிந்தால் அதை உடனே பிரித்து வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் போடுங்கள். கறை போகாவிட்டால் அதை விற்பனைக்கு வைக்க வேண்டாம். வீட்டில் வெங்காயம் போட்டு வைக்கலாம்.